மின்னழுத்தமானி இணைப்பு: மொத்தமாக இணைத்துவிட்டுப் பார்ப்பதா, பாதிப் பாதியாகச் சோதித்துக்கொண்டே போவதா?

பிளஸ் டூ இயற்பியல் செய்முறைத் தேர்வில் இரு மின்கலங்களின் மின்னியக்கு விசையை ஒப்பிடும் சோதனை வந்தால், மாணவர்கள் இரண்டு விதமாக இணைப்பு கொடுப்பதைப் பார்க்கிறேன். படத்தை வரைந்து, அதில் உள்ள அத்தனை வயரையும் கொடுத்து முடித்துவிட்டுச் சாவியைச் செருகுவது ஒன்று. முதன்மைச் சுற்றை மட்டும் கொடுத்துச் சோதித்துவிட்டு, அப்புறம் துணைச் சுற்றுக்குப் போவது இன்னொன்று. என் மாணவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் முறையில் படித்துத்தான் நானும் தேறினேன், அதனால் அதைக் குறை சொல்ல வேண்டும் என்று இல்லை. தவறு நேர்ந்தால் எந்த முறையில் அது சீக்கிரம் கையில் அகப்படும் என்பதுதான் கேள்வி.

முதல் முறைக்கு உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். படமும் மேசையும் ஒன்றுபோல இருக்கும். தேர்வாளர் வந்து பார்க்கும்போது முழுச் சுற்றும் கண்முன் இருக்கும். ஒரு வயரைக் கழற்றி மாட்டும் வேலையும் இல்லை. எல்லாம் சரியாக அமைந்தால் ஐந்து நிமிடம் மிச்சம். அமையாவிட்டால்தான் சிக்கல். கால்வனோமீட்டர் முள் ஒரே பக்கம் போகும். பையன் கையில் கிடைத்த வயரை எல்லாம் மாற்றி மாற்றிப் போடுவான். சரியாக இருந்த இணைப்பும் அதில் கெட்டுப்போகும்.

இரண்டாவது முறையை முழுதாகச் சொல்கிறேன். சேமக்கலத்தின் நேர்முனையைக் கம்பியின் A முனைக்குக் கொடுங்கள். எதிர்முனையிலிருந்து சாவி, ரியோஸ்டாட் வழியாக B முனைக்கு. ரியோஸ்டாட்டில் கீழே இரண்டு முனை, மேலே வழுக்கியோடு ஒரு முனை இருக்கும். கீழே உள்ள இரண்டிலும் வயரை மாட்டிவிடுவது தேர்வில் அடிக்கடி பார்க்கும் தவறு. அப்படி மாட்டினால் வழுக்கியை எங்கே தள்ளினாலும் ஒன்றும் மாறாது, மொத்தத் தடையும் சுற்றிலேயே கிடக்கும். கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மாட்டுங்கள்.

இனி மின்கலங்களைத் தொடாமல், A முனையிலிருந்து ஒரு வயரை உயர்மின்தடைக்கும், அங்கிருந்து கால்வனோமீட்டருக்கும், அதிலிருந்து ஜாக்கிக்கும் கொடுங்கள். இப்போது கால்வனோமீட்டரே ஒரு வோல்ட்மீட்டர்போல வேலை செய்யும். சாவியைச் செருகி, ஜாக்கியை A முனையில் தொட்டால் விலக்கம் பூஜ்ஜியம். கம்பி கம்பியாக B பக்கம் நகர நகர விலக்கம் சீராகக் கூட வேண்டும். B முனையில் ஜாக்கியை வைத்தபடி ரியோஸ்டாட்டைத் தள்ளினால் முள்ளும் நகர வேண்டும். நகராவிட்டால், மேலே சொன்ன கீழ்முனைத் தவறு. எங்கே தொட்டாலும் முள் அசையவே இல்லை என்றால் சேமக்கலம், சாவி, ரியோஸ்டாட், கால்வனோமீட்டர் வயர் இவற்றில் ஒன்று தொடர்பில் இல்லை. ஒரு இடம் வரை பூஜ்ஜியமாக இருந்து, அடுத்த கம்பியில் சட்டென்று முழு விலக்கம் காட்டினால், அந்த இடத்தில்தான் கம்பி அறுந்திருக்கிறது அல்லது செப்புப் பட்டை தளர்ந்திருக்கிறது. பழைய பலகைகளில் இந்தப் பட்டைத் திருகுகள் தளர்ந்து போவது சகஜம்.

அந்தச் சோதனை முடிந்ததும் ஒரே ஒரு வயர் முனையைத்தான் மாற்ற வேண்டும். A முனையில் மாட்டியிருந்த உயர்மின்தடை வயரைக் கழற்றி, ஆறு முனைச் சாவியின் நடுக் கீழ்முனைக்குக் கொண்டுபோங்கள். நடு மேல்முனையை A முனையோடு இணையுங்கள். ஒரு பக்கம் லெக்லாஞ்சி மின்கலம், மறுபக்கம் டேனியல் மின்கலம். மேல் வரிசையில் நேர்முனைகள், கீழ் வரிசையில் எதிர்முனைகள். இதற்கு மேல் அந்தச் சாவியில் மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லை.

ஆனால் சாவியில் முன்பு யாராவது போட்ட குறுக்கு வயர்கள் கிடக்கின்றனவா என்று கவனியுங்கள். மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் சாவியாகப் பயன்படுத்தியவர்கள் அவற்றை அப்படியே விட்டிருப்பார்கள். அதோடு இரண்டு மின்கலங்களையும் மாட்டினால், ஒன்றின் நேர்முனை மற்றதன் எதிர்முனையோடு சேர்ந்து இரண்டும் தமக்குள்ளேயே குறுக்குச் சுற்றாகிவிடும். மின்கலங்கள் சோர்ந்துபோகும், காரணம் தெரியாமல் நீங்கள் திண்டாடுவீர்கள்.

நேர்முனை எது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. லெக்லாஞ்சி மின்கலத்தில் நடுவே நுண்துளைக் கலத்துக்குள் இருக்கும் கார்பன் தண்டு நேர்முனை. ஓரத்தில் நிற்கும் துத்தநாகத் தண்டு எதிர்முனை. டேனியல் மின்கலத்தில் இது தலைகீழ். நடுவில் நுண்துளைக் கலத்துக்குள் நிற்பது துத்தநாகம், அது எதிர்முனை. வெளியே உள்ள செம்புப் பாத்திரம்தான் நேர்முனை. 'நடுவில் இருப்பது பிளஸ்' என்று மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் ஒவ்வொரு தேர்விலும் டேனியலைத் திருப்பி மாட்டுகிறார்கள்.

சரி, மின்கலத்தை மாட்டிவிட்டோம். சமநிலைப் புள்ளியைத் தேடுவதற்கு முன் ஜாக்கியை A முனையிலேயே வையுங்கள். அங்கே கம்பியின் மின்னழுத்தம் எதுவும் சேராது, மின்கலம் மட்டும்தான் முள்ளைத் தள்ளும். மின்கலம் இல்லாமல் B முனையில் பார்த்தபோது முள் வலது பக்கம் போயிருந்தால், இப்போது இடது பக்கம் போக வேண்டும். அதே வலது பக்கம் போனால் மின்கலம் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. இடது பக்கம் போய், அளவும் முன்பு B முனையில் கண்டதைவிடக் குறைவாக இருந்தால், கம்பியில் எங்கோ சமநிலைப் புள்ளி கட்டாயம் உண்டு. தேடுவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். நான் இரண்டாவது முறையின் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

எண்களோடு ஒரு சம்பவம் பார்ப்போம். சேமக்கலம் 2 வோல்ட், 10 மீட்டர் கம்பியின் தடை 10 ஓம், உயர்மின்தடை 10,000 ஓம், கால்வனோமீட்டரில் ஒரு பிரிவு 20 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரியோஸ்டாட்டில் 4 ஓம் சுற்றில் இருக்கிறது. கம்பியின் குறுக்கே விழுவது 2-இல் 14-க்குப் 10 பங்கு, அதாவது சுமார் 1.43 வோல்ட். டேனியல் மின்கலம் சுமார் 1.08 வோல்ட், அது 756 செ.மீ. அருகே சமன் ஆகிவிடும். லெக்லாஞ்சியோ 1.5 வோல்ட். அது சமன் ஆகாது, கடைசிக் கம்பியின் நுனி வரை முள் ஒரே பக்கம்தான் போகும்.

மொத்தமாக இணைத்த மாணவன் இங்கே என்ன நினைப்பான்? 'டேனியல் வந்துவிட்டது, லெக்லாஞ்சி வரவில்லை, அப்படியானால் லெக்லாஞ்சியின் வயர்தான் தவறு' என்று அதைத் திருப்பிப் போடுவான். திருப்பிய பிறகு ஒரே பக்க விலக்கம் இன்னும் பெரிதாகும். பாதிப் பாதியாகச் சோதித்தவனுக்கு, B முனையில் சுமார் 7 பிரிவும் லெக்லாஞ்சிக்கு மட்டும் சுமார் 7.5 பிரிவும் முன்பே தெரிந்திருக்கும். ரியோஸ்டாட்டைக் குறைக்க வேண்டும், வயரைத் தொட வேண்டியதில்லை. 2 ஓமுக்குக் கொண்டுவந்தால் கம்பியில் 1.67 வோல்ட் விழும். லெக்லாஞ்சி 900 செ.மீ., டேனியல் 648 செ.மீ. என வரும், விகிதம் சுமார் 1.39. ரியோஸ்டாட்டைத் தொட்டுவிட்டதால் முதலில் எடுத்த 756 செல்லாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 900-ஐயும் 756-ஐயும் வைத்து விகிதம் போட்டால் 1.19 வரும், பதிவேட்டில் இந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிடும்.

முழுதாக இணைத்த பிறகு மாட்டிக்கொண்டவர்களுக்கும் வழி இருக்கிறது. உயர்மின்தடையைச் சுற்றிலிருந்து எடுக்காதீர்கள். எடுத்தால் முள் ஓரத்தில் முட்டி நின்றுவிடும், கூடுகிறதா குறைகிறதா என்று தெரியாது. ஜாக்கியை A முனையில் தொடுங்கள், பிறகு B முனையில் தொடுங்கள். B பக்கம் விலக்கம் குறைந்தும் திசை மாறவில்லை என்றால் முனைகள் சரி, கம்பியின் மின்னழுத்தம் போதவில்லை. B பக்கம் கூடினால் மின்கலமோ சேமக்கலமோ திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றால் முதன்மைச் சுற்றில் மின்னோட்டமே இல்லை, பெரும்பாலும் சாவி சரியாகச் செருகப்படவில்லை. எங்கேயும் அசையவில்லை என்றால் துணைச் சுற்று எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

இரண்டாவது முறைக்கு எதிராகச் சொல்ல வேண்டியது ஒன்று. இணைப்பைத் தான் பார்த்த பிறகுதான் சாவியைச் செருக வேண்டும் என்று சில தேர்வாளர்கள் கறாராகச் சொல்வார்கள். அப்போது முதன்மைச் சுற்று முடிந்ததும் கையைத் தூக்கி அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு வழியில்லை. முழுச் சுற்றையும் கொடுத்துக் காட்டிவிட்டு, சாவி போட்டதும் A, B இரண்டையும் தொட்டுப் பார்க்கும் சோதனையிலிருந்து தொடங்குங்கள். எந்த முறையானாலும், அளவு எடுக்காத நேரத்தில் சாவியை உருவி வையுங்கள். கம்பி சூடாகி, சேமக்கலமும் இறங்கினால் இரண்டு நீளங்களும் ஒரே நிலையில் எடுத்தவையாக இருக்காது.

டையோடு, சீனர் டையோடு சோதனைகளில் நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். நாலைந்து வயர்தான், மொத்தமாகவே இணைக்கலாம். லாஜிக் கேட் ஐ.சி. சோதனையைப் பெரும்பாலும் என் சக ஆசிரியர்தான் பார்த்துக்கொள்கிறார். அங்கே இந்தப் பாதிப் பாதி முறை எவ்வளவு உதவும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை. 14-ஆம் முனைக்கு 5 வோல்ட், 7-ஆம் முனைக்குத் தரை என்ற இரண்டை மட்டும் முதலில் கொடுத்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குமாறு அவரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.