ரெக்ரூட்டர் அழைப்புகளைக் குறித்துவைக்க: டைரியா, கூகுள் ஷீட்டா?

எளிமை: பேசிக்கொண்டிருக்கும்போதே சம்பள எதிர்பார்ப்பு, நோட்டீஸ் பீரியட் போன்றவற்றைக் குறித்துக்கொள்ள டைரியே கைக்கு வசதி, கைபேசியில் ஷீட்டைத் திறப்பதற்குள் பேச்சு நகர்ந்துவிடும்.

செலவு: பெரிய வேறுபாடில்லை.

அடுத்த தொடர்பு: டைரியில் பேசிய நாளின் பக்கத்தைப் புரட்டியதும் அந்த அழைப்பு மறந்துபோகும் என்பதால், கேட்க வேண்டிய நாளின் பக்கத்திலும் பெயரை எழுதியாக வேண்டும். ஷீட்டில் C பேசிய நாளாகவும் D அவர் பதில் தருவதாகச் சொன்ன நாளாகவும் இருந்தால், இந்தச் சூத்திரம் போதும்:

```
=IF(D2="",WORKDAY(C2,5),WORKDAY(D2,1))
```

அவர் வெள்ளிக்கிழமை சொல்வதாகக் கூறியிருந்தால் இது திங்களைக் காட்டும். நாள் எதுவும் சொல்லாவிட்டால், வியாழனன்று பேசியதற்கு அடுத்த வியாழன் வரும். சனி, ஞாயிறு தானாகவே கழியும். பண்டிகை விடுமுறைகளைத் தனியே சேர்க்காவிட்டால் அவை கழியா.

இரண்டு, மூன்று பேருடன் மட்டும் பேசுபவருக்கு டைரி போதும். அதற்கு மேற்பட்டால், தேதிவாரியாக வரிசைப்படுத்த முடிகிற ஷீட்டையே பரிந்துரைப்பேன்.