வெபினார் மென்பொருளும் எங்கள் ஏழு தன்னார்வலர்களும்

நாங்குநேரிப் பக்கம் அறக்கட்டளை நடத்தும் அண்ணாச்சி ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, நாங்கள் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தும் வெபினார் மென்பொருளையே தாங்களும் வாங்கலாமா என்று கேட்டார். அப்போது ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அன்று காலையில்தான் அந்த நிறுவனத்திடமிருந்து என் மின்னஞ்சலுக்குப் பதில் வந்திருந்தது; அந்தக் கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்து இப்போது எழுதுகிறேன்.

முக்கூடல், கடையம், ஆலங்குளம் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்களுக்காக மாதம் இரண்டு சனிக்கிழமை மாலைகளில் இணையவழிக் கூட்டம் நடத்துகிறோம். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது, நல வாரிய அட்டையை எப்படிப் புதுப்பிப்பது என்பவைதாம் பேச்சு. இதற்கு இந்த மென்பொருள் பொருந்தியதைப் போல வேறொன்று பொருந்தியிருக்காது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சாதாரணக் காணொளிக் கூட்டத்தில் எல்லோருடைய முகமும் பெயரும் எல்லோருக்கும் தெரியும். வெபினாரில் பார்வையாளர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. தட்டும் கத்தரியும் மடியில் இருக்க, இலை நறுக்கியபடியே கேட்கும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்தது. நேரில் வாய் திறக்காதவர்கள் கேள்விப் பெட்டியில் பெயர் மறைத்து எழுதினார்கள்.

தொல்லை வேறிடத்தில் இருந்தது. 'ஹோஸ்ட்' என்ற ஒரு சொல்லை எங்கள் அறக்கட்டளை ஒரு பொருளிலும், மென்பொருளின் திரை இன்னொரு பொருளிலும், அவர்களுடைய விலைப்பட்டியல் மூன்றாவது பொருளிலும் பயன்படுத்தி வந்தன. எங்களுக்கு ஹோஸ்ட் என்றால் வணக்கம் சொல்லிக் கூட்டத்தைத் தொடங்கி வைப்பவர். திரைக்கு, கூட்டத்தை நடத்தும் பொத்தான்கள் யாரிடம் உள்ளனவோ அவர். விலைப்பட்டியலுக்கு, உரிமம் யாருடைய பெயரில் ஒதுக்கப்பட்டதோ அவர். அம்பாசமுத்திரத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மேலப்பாளையத்துக் கல்லூரி மாணவி, வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் என்று ஏழு தன்னார்வலர்கள் முறைவைத்துக் கூட்டம் நடத்துவதால், ஏழு பேரையும் நான் எங்கள் கணக்கில் உறுப்பினர்களாகச் சேர்த்திருந்தேன். சேர்க்கும்போதே உரிமத்தையும் ஒதுக்கும் ஒரு பெட்டியில் முன்கூட்டியே குறியிடப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. இவ்வாண்டுப் புதுப்பிப்புக்கான மதிப்பீடு வந்தபோது ஏழு பேருக்கும் கட்டண உரிமம் என்று போட்டிருந்தார்கள். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி வேறு; எங்களைப் போல ஜிஎஸ்டி பதிவு இல்லாத அறக்கட்டளைக்கு அதைத் திரும்பப் பெற வழியில்லை, முழுவதும் செலவுதான்.

அதைப் பற்றி நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சலைத் தமிழில் தருகிறேன், அண்ணாச்சிக்குப் பயன்படும்:

"ஐயா, எங்கள் கணக்கில் உள்ள ஏழு பேரும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். ஒரு நேரத்தில் ஒரு வெபினார்தான் நடக்கிறது. இரண்டு கூட்டங்கள் ஒரே வேளையில் நடந்ததே இல்லை. கீழ்க்கண்டவற்றுக்குத் தனித்தனியே எழுத்தில் பதில் வேண்டுகிறேன். கூட்டத்தைத் திட்டமிட்டு இணைப்பை உருவாக்குபவருக்கு உரிமம் வேண்டுமா? அவர் வராதபோது கூட்டத்தைத் தொடங்குபவருக்கு உரிமம் வேண்டுமா? ஏற்கெனவே தொடங்கிய கூட்டத்தில் கேள்விகளைப் படித்து ஒலியை நிறுத்தித் திறப்பவருக்கு உரிமம் வேண்டுமா? ஒதுக்கிய உரிமத்தை ஒருவரிடமிருந்து எடுத்து மற்றொருவருக்கு மாற்றலாமா? மாற்றினால் முன்னவர் உருவாக்கிய கூட்டங்களும் பதிவுகளும் என்னவாகும்?"

தன்னார்வலர்கள் கட்டணக் கணக்கில் சேர்வார்களா என்று ஒற்றைக் கேள்வியாக முதலில் கேட்டிருந்தேன். அதற்கு வந்த பதில், 'உரிமம் ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு பயனரும் கணக்கில் சேர்வார்' என்ற ஒரே வரி. கேள்வியை வேலைவாரியாகப் பிரித்துக் கேட்ட பிறகுதான் உருப்படியான விடை கிடைத்தது. ஊதியம் பெறுகிறாரா இல்லையா என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. வெபினாரை உருவாக்குபவருக்கு வெபினார் உரிமம் வேண்டும். அது ஒருவருக்குப் போதும். அவர் இல்லாதபோது தொடங்கக்கூடிய மாற்று ஹோஸ்ட் அதே கணக்கில் சாதாரணக் கட்டண உரிமம் பெற்றிருக்க வேண்டும். அது வெபினார் உரிமத்தை விட மிகவும் மலிவு. மற்றவர்களைப் பேனலிஸ்டாக, அதாவது கூட்டத்தில் பேசுபவராக, மின்னஞ்சல் வழி அழைத்து, கூட்டம் தொடங்கியதும் துணை ஹோஸ்டான கோ-ஹோஸ்டாக உயர்த்தினால் உரிமமே தேவையில்லை. ஆக, எங்கள் ஏழு பேரில் மாணவிக்கு வெபினார் உரிமமும் தலைமையாசிரியருக்குச் சாதாரண உரிமமும் இருந்தால் போதும். மீதி ஐந்து பேரும் காசில்லாமலே தங்கள் வேலையைச் செய்யலாம்.

இதில் ஒரு குறை உண்டு. கோ-ஹோஸ்டால் கூட்டத்தைத் தொடங்க முடியாது. மாணவிக்குத் தேர்வு, தலைமையாசிரியர் வீட்டில் மின்தடை என்று ஒரே மாலையில் இரண்டும் சேர்ந்தால், மற்ற ஐந்து பேரும் காத்திருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஆனால் தொடங்கிய பிறகு ஹோஸ்டின் இணைப்பு அறுந்தால் பொறுப்பு கோ-ஹோஸ்டுக்குப் போய்விடுகிறது; கடையத்தில் இப்படி நடந்தபோது கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குத் தெரியக்கூட இல்லை.

உரிமத்தை மாற்றும் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லாமல் விட முடியாது. தொடக்கத்தில் வெபினார் உரிமம் தலைமையாசிரியர் பெயரில் இருந்தது. சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை அதை எடுத்து மாணவிக்குக் கொடுத்தேன். சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பதிவு செய்திருந்த பெண்களுக்கு இணைப்பு திறந்தது, நினைவூட்டல் மின்னஞ்சலும் போயிற்று. தொடங்கும் பொத்தான் மட்டும் மங்கிக் கிடந்தது. உரிமம் போனவர் உருவாக்கிய கூட்டம் அவர் பெயரிலேயே நின்றுவிட்டது. உரிமத்தைத் திரும்ப அவருக்கே கொடுத்து ஒருவழியாக நடத்தினோம். மாற்றுவதற்கு முன் வரவிருக்கும் கூட்டங்களைப் புதியவர் பெயரில் மீண்டும் உருவாக்க வேண்டும், பதிவுப் பட்டியலையும் ஒலிப்பதிவுகளையும் இறக்கி வைக்க வேண்டும் என்று அந்தத் திரை ஒரு வரி எச்சரித்திருக்கலாம். ஒரே கடவுச்சொல்லை ஏழு பேரும் பகிர்ந்துகொண்டால் என்ன என்று எங்களில் ஒருவர் கேட்டார். உரிமம் தனி ஒருவருக்கானது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதோடு உள்நுழையும் ஓடிபி ஒருவர் கைபேசிக்குத்தான் வரும், அவர் பேருந்தில் இருந்தால் கூட்டம் அதோடு நின்றது.

இன்னும் எரிச்சலூட்டுவது ஆண்டுத் திட்டத்தின் ஏற்பாடு. உரிமத்தை ஆண்டின் எந்த நாளிலும் கூட்டலாம். குறைப்பதோ புதுப்பிக்கும் நாளில் மட்டும். நாங்கள் சேர்த்த ஒவ்வொரு தன்னார்வலருக்கும் மீதி மாதங்களுக்கான தொகை அவ்வப்போது அட்டையிலிருந்து போயிருக்கிறது, நான் மாதாந்திரக் கணக்கில் 'மென்பொருள்' என்று எழுதித் தாண்டியிருக்கிறேன். போனது போனதுதான் என்று பதிலில் பணிவாகவே எழுதியிருந்தார்கள். என் கவனக்குறைவு பாதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறியிட்ட பெட்டியை அங்கே வைத்தவர்களின் பங்கு மறுபாதி.

அண்ணாச்சிக்கு என் பதில்: வாங்க வேண்டாம். மாதம் ஒரு கூட்டம் நடத்துகிறவர்களுக்குச் சாதாரணக் காணொளிக் கூட்டமே போதும். அதையும் மீறி வாங்குவதாக இருந்தால் யாரை உறுப்பினராகச் சேர்த்தாலும் உடனே நிர்வாகப் பக்கத்தில் பயனர் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் உரிமம் என்ற பகுதியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அறக்கட்டளைப் பத்திரமும் வருமான வரித் துறையின் பதிவுச் சான்றும் அனுப்பித் தள்ளுபடியை மதிப்பீடு வருமுன்னே கேளுங்கள். நாங்கள் ஒரு வெபினார் உரிமமும் ஒரு சாதாரண உரிமமுமாகக் குறைத்துப் புதுப்பித்துவிட்டோம். வரும் சனிக்கிழமை முக்கூடல் பெண்களுக்கு உதவித்தொகைக் கூட்டம். ஐந்து பேருக்கும் பேனலிஸ்ட் அழைப்பு அனுப்பியாயிற்று.