மாலில் பார்க்கிங் சீட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள்: 880 ரூபாய் அழுதேன்

இன்னும் கோபம் அடங்கவில்லை. ஊரின் பெரிய ஷாப்பிங் மால் ஒன்றில் நேற்று ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்குக்கு மட்டும் 880 ரூபாய் வாங்கினார்கள். நியாயமாக வந்திருக்க வேண்டியது 180.

கணக்கு இதுதான். முதல் 2 மணி நேரம் 60 ரூபாய், அப்புறம் ஒவ்வொரு மணிக்கும் 40. 5 நிமிஷம் கூடினாலும் முழு மணியாக எடுத்துக்கொள்வார்கள். காலை 11.40க்கு உள்ளே போய், படம், சாப்பாடு, துணிக்கடை என்று சுற்றி இரவு 7.10க்கு வெளியே வந்தோம். ஏழரை மணி நேரம், அதாவது 8 மணிக் கணக்கு, 300 ரூபாய். 2,000 ரூபாய்க்கு மேல் பில் இருந்தால் 3 மணி நேரம் தள்ளுபடி. மிச்சம் நாலரை மணிக்கு 180.

தள்ளுபடிக்குத் தரைத்தளத்தில் ஒரு கவுண்டர். அங்கிருந்த பெண், "பில்லையும் பார்க்கிங் சீட்டையும் குடுங்க சார், சீல் வச்சுத் தர்றேன்" என்று சிரித்த முகமாகச் சொன்னார். ஏழெட்டுப் பேர் சீட்டும் மேசையில் குவிந்து கிடந்தது. சீல் வைத்து, பில்லோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து நீட்டினார். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

வெளியேறும் பூத்தில் ஸ்கேன் செய்ததும் திரையில் வேறு வண்டி நம்பர். எனக்கு வந்தது யாரோ ஒருவருடைய சீட்டு! பூத்தில் இருந்த பையன், "உங்க சீட்டு இல்லன்னா தொலைஞ்ச சீட்டுதான் சார்" என்றான். அபராதம் 500. அதோடு விட்டானா? சீட்டு இல்லாததால் மால் திறந்த 10 மணியிலிருந்து வாடகையாம். 9 மணி 10 நிமிஷம் 10 மணி நேரமாகி 380. மொத்தம் 880.

நுழைவாயில் கேமராவில் என் நம்பரும் நேரமும் பதிவாகியிருக்குமே, பாருங்கள் என்றேன். "அது ஆபீஸ்ல சார், இன்னைக்கு லீவு." பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. ஆர்.சி.யைக் காட்டி, நோட்டில் கையெழுத்துப் போட்டு, கட்டிவிட்டு வந்தேன். இன்று போன் செய்தால் மால்காரர், "பார்க்கிங் காண்ட்ராக்ட் வேற ஆளுங்க" என்கிறார். காண்ட்ராக்ட்காரரோ, "சீல் வச்சது மால் ஸ்டாஃப்" என்கிறார். 880 ரூபாய்க்குப் பதில் சொல்ல ஆளே இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. சீட்டு கைக்கு வந்ததும் நேரமும் நம்பரும் தெரிய போட்டோ எடுத்து வையுங்கள். சீல் வைத்துத் திரும்ப வாங்கும்போது கவுண்டரை விட்டு நகராமல் சீட்டு நம்பரைச் சரிபாருங்கள். அபராதம் கட்ட நேர்ந்தால் ரசீது இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்.