சோலார் கணக்கு ஷீட்டில் 3 வருடம், கரன்ட் பில்லில் 12 வருடம்: ஏமாறாதீர்கள்

மதுரையில் மொட்டைமாடி சோலார் போடும் ஒரு கம்பெனிக்கு 2,10,000 ரூபாய் கொடுத்துவிட்டு வயிறு எரிந்து எழுதுகிறேன்.

விற்க வந்தவர் முதலில் எங்கள் கரன்ட் பில்லைக் கேட்டு வாங்கி போட்டோ எடுத்துக்கொண்டார். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட், பில் 1,800 ரூபாய் அளவில். பிறகு லேப்டாப்பைத் திறந்து 25 வருடக் கணக்கு போட்ட ஷீட்டைக் காட்டினார். 3 கிலோவாட், மானியம் 78,000 போக அடக்கவிலை 1,32,000. வருடத்துக்கு 5,475 யூனிட், யூனிட்டுக்கு 8 ரூபாய் மிச்சம், ஆக வருடம் 43,800. பச்சை நிறக் கட்டத்தில் "3 வருடத்தில் போட்ட பணம் திரும்பும்" என்று இருந்தது. எங்கள் பில்லையே பார்த்துப் போட்ட கணக்கு என்பதால்தான் அம்மா தன் வைப்புத்தொகையை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு வருடம் முடிந்து, சோலார் போடுவதற்கு முந்தைய பில்களைக் கூட்டிப் பார்த்தேன். வருடத்துக்கு ஆறு பில், மொத்தமே 10,800 ரூபாய். நான் கட்டிவந்ததே அவ்வளவுதான் என்றால் 43,800 எங்கிருந்து மிச்சமாகும்? முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த படிகளும் மலிவு. 8 ரூபாய்க்கு மேல் போவது 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்குத்தான். பில்லைக் கையில் வைத்துக்கொண்டே அந்த 8 ரூபாயைப் போட்டிருக்கிறார். 1,32,000-ஐ 10,800-ஆல் வகுத்தால் 12 வருடத்துக்கும் மேல்! அதற்குள் இன்வெர்ட்டர் மாற்றும் செலவு வரலாம், ஷீட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

உற்பத்தியும் பொய். கிலோவாட்டுக்குத் தினம் 5 யூனிட் என்று போட்டிருக்கிறார்கள். ஆப்பில் வந்திருப்பது வருடத்துக்கு 4,200, அதாவது 4-க்கும் கொஞ்சம் குறைவு. அப்புறம் 25-ம் வருடத்திலும் அதே 5,475! அவர்களே தந்த பேனல் வாரண்டி தாளில் 25-ம் வருடம் 80 சதவீதத்துக்குத்தான் உத்தரவாதம்.

போன் செய்தால் "மழைக்காலம் சார், வெயில் வரட்டும்" என்றார்கள். வெயில் வந்ததும் "பேனலைத் துடைச்சீங்களா?" என்றார்கள். பில் கணக்கைச் சொன்னதும் "அது வெறும் எஸ்டிமேட் சார், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அது இல்லையே" என்று வைத்துவிட்டார்கள். இப்போது எடுப்பதே இல்லை. 2,10,000 ரூபாய்!

சோலார் போட நினைக்கிறவர்கள் தயவுசெய்து ஷீட்டில் "வருட மிச்சம்" என்ற எண்ணை உங்கள் ஆறு பில்லின் கூட்டுத்தொகையோடு வைத்துப் பாருங்கள், அதைவிடப் பெரிதாக இருந்தால் எழுந்து போய்விடுங்கள். கிலோவாட்டுக்கு 4 யூனிட்டுக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். வருடாவருடம் குறைவதை ஷீட்டில் காட்டச் சொல்லுங்கள், ஷீட்டையே ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.