‘எங்களைப் பற்றி’ பக்கம்: நிறுவனரை நீக்குவதா, இடம் மாற்றுவதா?

பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்டுத் தரும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இணையதளத்தில் ‘எங்களைப் பற்றி’ பக்கம் இப்படித் தொடங்குகிறது:

“எங்கள் நிறுவனர் சிறு வயதிலிருந்தே மின்னணுப் பொருட்கள் மீது தீராத ஆர்வம் கொண்டவர். பத்து வயதிலேயே வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர். 2006-இல் ஒரு சிறிய அறையில் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று 14 பேர் கொண்ட குழுவாக வளர்ந்திருக்கிறோம். தரமே எங்கள் தாரக மந்திரம்.”

இதைப் படிக்க வருபவர் யார்? நேற்று இரவு டிஸ்க்கில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்து, பத்து ஆண்டுப் புகைப்படங்கள் திறக்காமல் போய்விட்ட ஒருவர். விலைப் பக்கத்தையும் சேவைப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, டிஸ்க்கை அனுப்புவதற்கு முன் கடைசியாக இங்கே வந்திருக்கிறார். அவர் மனதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மீட்க முடியுமா? என் படங்களை யாராவது பார்ப்பார்களா? மீட்க முடியாவிட்டாலும் பணம் கேட்பார்களா? வானொலிப் பெட்டிக் கதை இவற்றில் எதற்கும் பதில் இல்லை.

திருத்தி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள்.

முதல் வழி: ‘நாங்கள்’ என்பதை ‘உங்கள்’ ஆக்குவது

செலவில்லாத வழி, அதனால்தான் அதிகம் நடக்கிறது. “உங்களுக்காகவே எங்கள் நிறுவனர் 2006-இல் இந்தப் பயணத்தைத் தொடங்கினார். உங்கள் நம்பிக்கையே எங்கள் பலம்.” வாக்கியங்கள் வாசகரை நோக்கித் திரும்பியிருக்கின்றன, ஆனால் அவருக்குப் புதிதாக ஒரு தகவலும் கிடைக்கவில்லை. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்பவரின் பக்கத்தில் இதே வரிகளை ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் நீங்கள் எதையும் திருத்தவில்லை. இந்த வழிக்கு இதற்கு மேல் நேரம் தர வேண்டியதில்லை.

இரண்டாம் வழி: நிறுவனரை முழுக்க எடுத்துவிடுவது

வாடிக்கையாளரைப் பற்றி எழுது என்ற அறிவுரையை முழு மனதோடு ஏற்றவர்கள் செய்வது இது. “உங்கள் டிஸ்க் திடீரென்று நின்றுவிட்டதா? வாழ்நாள் நினைவுகள் கைநழுவிப் போகிறதா? கவலை வேண்டாம்” என்று தொடங்கி, பிரச்சினையையும் தீர்வையும் சொல்லி முடித்துவிடுவார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முகப்புப் பக்கம் ஏற்கெனவே இதைத்தான் சொல்லியிருக்கும். வாசகர் ‘எங்களைப் பற்றி’ என்பதைச் சொடுக்கியதே அந்தப் பக்கத்துக்குப் பின்னால் உள்ள மனிதரைப் பார்க்கத்தான். தன் குடும்பப் படங்கள் யார் கைக்குப் போகின்றன என்று தெரிந்துகொள்ள வந்தவருக்கு ஒரு பெயர், ஒரு முகம், ஒரு முகவரி கூட இல்லையென்றால் சந்தேகம்தான் கூடும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பிரச்சினையைப் பற்றி மட்டுமே எழுதும்போது பயத்தை ஊதிப் பெரிதாக்கும் பழக்கம் தொற்றிக்கொள்ளும். ஏற்கெனவே பதறி வந்தவரிடம் அவருடைய பதற்றத்தையே விவரித்துக் காட்டுவதை நான் தவறு என்றே நினைக்கிறேன். பிரச்சினைக்கு இரண்டு மூன்று வரிகள் போதும்.

மூன்றாம் வழி: நிறுவனரைச் சாட்சியாக்குவது

என் தேர்வு இதுதான். பக்கம் வாடிக்கையாளரின் நிலைமையில் தொடங்குகிறது. நிறுவனர் அந்த நிலைமைக்குப் பதில் சொல்லும் ஆளாக உள்ளே வருகிறார். அவரைப் பற்றிய ஒவ்வொரு தகவலையும் தனித்தனியாக எடுத்து, “டிஸ்க்கை அனுப்பப் போகிறவருக்கு இதனால் என்ன?” என்று கேட்க வேண்டும். பதில் இருந்தால் தகவல் தங்கும், இல்லாவிட்டால் போகும்.

வானொலிப் பெட்டிக்குப் பதில் இல்லை, போகட்டும். ‘தாரக மந்திரம்’ போகட்டும். 2006 தங்கலாம், ஆனால் தனியாக நின்றால் அது வெறும் எண். அத்தனை ஆண்டுகளில் அவர் எதைக் கற்றார், அதனால் வேலை செய்யும் முறையில் என்ன மாறியது என்பதுதான் தகவல். இதை நிறுவனரிடம் கேட்டுத்தான் பெற முடியும். “உங்கள் கதையைச் சொல்லுங்கள்” என்றால் திரும்பவும் வானொலிப் பெட்டிதான் வரும். “ஒரு டிஸ்க் வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள், ஏன்?” என்று கேளுங்கள். சத்தம் போடும் டிஸ்க்கை மறுபடி மறுபடி இயக்கினால் உள்ளே இருக்கும் தட்டு உரசி மேலும் கெடலாம் என்பார். முடிந்தவரை முதலில் முழு நகல் எடுத்து, அந்த நகலின் மீதுதான் வேலை செய்வோம் என்பார். பக்கத்துக்கு வேண்டிய சரக்கு இதுதான்.

வாடிக்கையாளரின் சொற்களை நீங்கள் கற்பனை செய்யக் கூடாது. கடைசியாக வந்த முப்பது விசாரணை மின்னஞ்சல்களை எடுத்து, ஒவ்வொன்றின் முதல் இரண்டு வரிகளை ஒரு தாளில் எழுதுங்கள். “தரவு இழப்பு” என்று யாரும் எழுதியிருக்க வாய்ப்பில்லை. “பாப்பா பிறந்தப்ப எடுத்த படமெல்லாம் அதுலதான் இருக்கு” என்பது போலத்தான் இருக்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளே பக்கத்தின் வரிசையைத் தீர்மானிக்கும்.

இப்படிச் செய்தால் அதே பக்கம் இவ்வாறு மாறும்:

“டிஸ்க்கில் ‘டிக் டிக்’ சத்தம் வருகிறதா? தயவுசெய்து அதை மறுபடி இயக்கிப் பார்க்காதீர்கள், மீட்கும் வாய்ப்பு குறையலாம். எங்கள் நிறுவனர் 2006-இலிருந்து இந்த வேலை ஒன்றைத்தான் செய்கிறார். மீட்க வந்த டிஸ்க்குகளில் பல, அனுப்புவதற்கு முன் பலமுறை இயக்கப்பட்டதாலேயே மோசமாகியிருந்ததைப் பார்த்தவர். அதனால் இங்கே முதல் வேலை நகல் எடுப்பது. மற்றதெல்லாம் அந்த நகலின் மீதுதான். கோப்புகள் திறக்கின்றனவா என்று சரிபார்க்க ஒருவர் மட்டும் சிலவற்றைத் திறப்பார், அவர் பெயரை முன்பே சொல்லிவிடுவோம். மீட்க முடியாவிட்டால் கட்டணம் இல்லை.”

நிறுவனர் இங்கே காணாமல் போகவில்லை, முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறார். கீழே அவருடைய படம், குழுவினரின் பெயர்கள், முகவரி ஆகியவை வரட்டும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கடைசி இரண்டு வாக்குறுதிகள் நடைமுறையில் உண்மையாக இருந்தால்தான் எழுதலாம். இல்லாத விதியைப் பக்கத்துக்காக உருவாக்கினால், முதல் புகாரிலேயே எல்லாம் சரிந்துவிடும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. ஆலோசகர், வழக்கறிஞர், இசை ஆசிரியர் போன்றவர்களிடம் வாங்கப்படுவது அந்த நபரின் நேரமே. அங்கே நிறுவனரின் கல்வியும் பயிற்சியும் விரிவாகவே வர வேண்டும். தொடக்கம் மட்டும் வாடிக்கையாளரின் நிலைமையாக இருந்தால் போதும். நிறுவனர் தன் முழுக் கதையையும் விட மனமில்லாமல் இருந்தால் அதற்குத் தனிப் பக்கம் கொடுத்து, கீழே ஓர் இணைப்பு வைத்துவிடலாம். வேலைக்கு விண்ணப்பிப்பவர்களும் செய்தியாளர்களும் அதைப் படிப்பார்கள்.

திருத்தம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? மாதத்துக்குச் சில நூறு பேர் மட்டுமே வரும் தளத்தில் சொடுக்குகளின் எண்ணிக்கையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய முப்பது மின்னஞ்சல்களுக்குத் திரும்புங்கள். பக்கத்தை மாற்றிய பின் வரும் அடுத்த முப்பதை அவற்றின் அருகில் வையுங்கள். “என் படங்களைப் பார்ப்பீர்களா?” என்ற கேள்வி குறைந்து, “எந்த முகவரிக்கு அனுப்பணும்?” என்பது கூடியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேள்வி அதே அளவு வந்துகொண்டிருந்தால், அதற்கான பதில் பக்கத்தில் மிகக் கீழே இருக்கிறது, அல்லது நம்பும்படி எழுதப்படவில்லை. அந்த ஒரு பத்தியை மட்டும் மேலே கொண்டுவந்து மறுபடி எழுதுங்கள்.