பட்டியலில் 30 சதவீதம், கையில் கடிவாளம்

கப்பலூரில் அட்டைப்பெட்டி செய்து விற்கும் எனக்கு, சென்ற ஆண்டு ஒரே வாரத்தில் இரண்டு தனியார் கம்பெனிகள் 90 நாள் கடனுக்குச் சரக்குக் கேட்டன. இரண்டில் ஒன்றுக்குத்தான் என் முதல் தாங்கும் என்பதால், பணம் தரும் முடிவு யார் கையில் இருக்கிறது என்று பார்க்க இரண்டின் பதிவு ஆவணங்களையும் வாங்கினேன்.

முதல் கம்பெனியில் மூன்று சகோதரர்கள் 40, 35, 25 என்று சாதாரணப் பங்குகளை வைத்திருந்தார்கள். பாதிக்கு மேல் வாக்கு இருந்தால் இயக்குநரை நியமிக்கலாம், முக்கால் பங்கு வாக்கு இருந்தால், கம்பெனியின் விதிகளை மாற்றுவது போன்ற பெரிய முடிவுகளுக்கு வேண்டிய சிறப்புத் தீர்மானத்தை நிறைவேற்றலாம். ஆகவே எந்த இருவர் சேர்ந்தாலும் இயக்குநர் குழு அவர்கள் கைக்கு வந்துவிடும். இதற்குமேல் ஆராய அதில் ஒன்றுமில்லை.

இரண்டாவதில் நிறுவனருக்கு 70, பலரிடம் பணம் திரட்டிக் கம்பெனிகளில் பங்கு வாங்கும் ஒரு தனியார் பங்கு முதலீட்டு நிதியத்துக்கு 30. முப்பது சதவீதம் சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்கப் போதும், அதற்குமேல் என்ன செய்துவிட முடியும் என்றுதான் நானும் நினைத்தேன். என் ஆடிட்டர், "பங்குப் பட்டியலை மூடி வைத்துவிட்டுச் சங்க விதிகளைப் பாருங்கள் அண்ணாச்சி" என்றார். கம்பெனியை நடத்தும் முறையை வகுக்கும் அந்த விதிகளில் ஒரு நீண்ட பட்டியல் இருந்தது: ஆண்டு பட்ஜெட், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கடன், தலைமை நிர்வாகியை மாற்றுவது ஆகிய எதற்கும் நிதியத்தின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். மேலும், நிதியம் தன் பங்கை விற்கும்போது நிறுவனரையும் கட்டாயமாகச் சேர்த்து விற்கச் செய்யும் உரிமையும் அதற்கு இருந்தது. கம்பெனிகள் சட்டம், 2013-இன் பிரிவு 2(27) பங்கு அளவை மட்டுமல்லாமல், ஒப்பந்தத்தின் வழியே நிர்வாகத்தையோ கொள்கை முடிவுகளையோ கட்டுப்படுத்துவதையும் 'கட்டுப்பாடு' என்றே கொள்கிறது.

அடுத்த கேள்வி, அந்த நிதியத்துக்குள் சம்மதம் தருபவர் யார் என்பது. சாதாரணக் கம்பெனியே பங்குதாரராக இருந்தால், அதில் பெரும்பான்மை வைத்திருப்பவரைத் தேடி ஏணி ஏறுவதுபோல் மேலே போகலாம். நிதியத்தில் அந்த ஏணி உதவாது. நூறு ரூபாயில் நாற்பது போட்டவருக்கும் அன்றாட முடிவில் பங்கில்லை, தன் பணமாகச் சிறிதளவே போட்ட மேலாளர்தான் கையெழுத்திடுகிறார். இப்படிப்பட்ட நிதியம் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் மாற்று முதலீட்டு நிதியமாகப் பதிவாகியிருந்தால், அதன் கையிலுள்ள பங்குகளுக்கு, பிறர் மூலமாக 10 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் இறுதிப் பயனாளியை அறிவிக்கும் விதியும் பொருந்தாது என்பதால், அந்தப் பதிவேட்டில் தேடினாலும் ஆள் கிடைக்க மாட்டார். நிதியத்துக்கு ஆயுட்காலம் உண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இன்றைய மேலாளரே நாளைக்கும் இருப்பார் என்று சொல்வதற்கில்லை.

வெளிநாட்டு நிதியங்களோடு எனக்குப் பழக்கமில்லை. நான் பார்த்தவை இரண்டே, இரண்டும் உள்நாட்டவை. நிதியம் வந்தபின் கணக்கு ஒழுங்காக இருக்கும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 90 நாளைச் சகோதரர்களுக்கே கொடுத்தேன். மற்றவருக்கு 30 நாள்தான், அதுவும் நிறுவனரின் தனிப்பட்ட உத்தரவாதத்தோடு.