பாக்கு மட்டைத் தட்டா, பேப்பர் பையா: இயந்திரம் வாங்குமுன் பார்க்க வேண்டிய கணக்கு

ஆத்தூர் பக்கம் சிறு தொழில் தொடங்க நினைப்பவர்கள் முன்னால் இந்த இரண்டும்தான் அடிக்கடி வந்து நிற்கின்றன. 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழக அரசு தடை விதித்த பிறகு, இரண்டுக்குமே சந்தை உண்டு. ஆனால் அந்தச் சந்தை உங்கள் இயந்திரத்துக்குப் போதுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தட்டிலிருந்து தொடங்குவோம். தட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சான டை நான்கு கொண்ட சிறு இயந்திரத்தில், ஆள் பழகிய பிறகு நாளுக்கு 800 தட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 25 நாள் ஓடினால் 20,000. இப்போது உள்ளூர் கேட்டரிங்காரர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். மாதம் ஆறு விசேஷம், ஒவ்வொன்றிலும் 300 பேருக்குத் தட்டு என்றால் அவருக்குத் தேவை 1,800தான். அப்படிப்பட்ட பதினோரு பேர் கிடைத்தால்தான் உங்கள் இயந்திரம் மாதம் முழுக்க ஓடும். நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் வாழை இலைதான் போடுகிறார்கள். தட்டு போவது பஃபே, வரவேற்பு, பிறந்தநாள் போன்ற இடங்களுக்கு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை.

அதனால் கேட்டரிங்காரரிடம், "தட்டு வாங்குவீர்களா?" என்று கேட்டால் போதாது. அதற்கு எல்லாரும் "கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்றுதான் சொல்வார்கள். கடைசியாக எந்த அளவு தட்டு, எத்தனை, என்ன விலைக்கு வாங்கினார், பணத்தை எத்தனை நாளில் கொடுத்தார் என்று கேளுங்கள். முடிந்தால் பழைய பில்லையே காட்டச் சொல்லுங்கள். பலர் ஒரே அளவைச் சொன்னால் அந்த டையை மட்டும் வாங்குங்கள். டை தனிச் செலவு. கேட்பாரில்லாத அளவில் வாங்கிய டை சும்மா கிடக்கும்.

அடுத்தது மட்டை. மழை படாத மட்டை வெயில் மாதங்களில்தான் தாராளமாகக் கிடைக்கும். ஆவணி, ஐப்பசி முகூர்த்தங்களுக்குத் தட்டு வேண்டுமென்றால் வைகாசிக்குள் வாங்கி, தரையில் படாமல் காற்றோட்டமாக அடுக்கி வைக்க வேண்டும். அதற்கு இடமும் முன்பணமும் வேண்டும், இயந்திர விலையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மட்டையைக் கழுவி ஊறவைத்து, நீர் வடிந்த பதத்தில் அழுத்த வேண்டும். காய்ந்துபோனால் விளிம்பில் வெடிக்கும், ஈரம் மிஞ்சினால் சில நாளில் பூஞ்சை பிடிக்கும். கரும்புள்ளியுள்ள தட்டை எந்தக் கேட்டரிங்காரரும் விருந்தில் வைக்க மாட்டார்.

"நாங்களே திரும்ப வாங்கி ஏற்றுமதி செய்கிறோம்" என்று சொல்லி இயந்திரம் விற்பவர்கள் உண்டு. 2025 மே மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பாக்கு மட்டையில் இயற்கையாக உள்ள நச்சுப் பொருள்கள் உணவில் இறங்கலாம் என்று கூறி, இந்தத் தட்டுகளை அங்கே விற்கக் கூடாது என்றது. அதனால் ஏற்றுமதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பேப்பர் பையில் இந்தப் பருவத் தொல்லை இல்லை. காகிதம் வருடம் முழுக்கக் கிடைக்கும், மருந்துக்கடையும் பேக்கரியும் தினமும் கவர் வாங்கும். ஆனால் போட்டி கடுமையானது. சின்னக் கவரை வீட்டிலிருந்தே ஒட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள், பெரிய தானியங்கி ஆலைகளும் இருக்கின்றன. சிறு இயந்திரக்காரருக்கு மிச்சமிருப்பது கைப்பிடி வைத்த ஜவுளிக்கடைப் பை. 10 அங்குல அகலம், 12 உயரம், 4 அங்குலப் பக்கமடிப்பு உள்ள பைக்கு, ஒட்டும் ஓரமும் அடிமடிப்பும் சேர்த்து ஏறக்குறைய 29க்கு 16½ அங்குலத் தாள் வேண்டும். 100 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள கிராஃப்ட் காகிதம் என்றால் ஒரு தாள் 31 கிராம். காகிதம் கிலோ 60 ரூபாய் என்று வைத்தால், தாளுக்கு மட்டும் 1.85 ரூபாய். கயிறு, பசை, கூலி, வெட்டுச்சேதம், அச்சு எல்லாம் இதற்கு மேல். கடைக்காரர் இப்போது கொடுக்கும் விலையிலிருந்து இதையெல்லாம் கழித்த பிறகும் ஏதாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். கடைப் பெயர் அச்சிடாத பையை ஜவுளிக்காரர்கள் பெரும்பாலும் விரும்புவதில்லை, அச்சிட்ட பையை வேறு கடைக்கு விற்கவும் முடியாது. அதனால் பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

தோப்பு பக்கத்திலேயே இருந்து, மட்டை போட இடமும் இருந்தால் நான் தட்டைத்தான் சொல்வேன். மட்டையை லாரி வாடகை கொடுத்துத் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டிய ஊர் என்றால் பைதான் சரி. அதையும் முதல் சில ஆர்டர் வரை கையாலேயே ஒட்டலாம், இயந்திரம் அப்புறம்.

தட்டுக்கு அப்படிக் கையால் செய்து பார்க்க வழியில்லை. அதனால் இன்னொருவர் செய்த தட்டை மொத்தவிலைக்கு வாங்கி, ஒரு முகூர்த்த மாதம் முழுக்க உங்கள் பெயரில் விற்றுப் பாருங்கள். லாபம் கொஞ்சம்தான் வரும். யார் இரண்டாவது தடவை கேட்டார், யார் பாக்கி வைத்தார் என்பது அந்த ஒரு மாதத்திலேயே உங்கள் நோட்டில் ஏறிவிடும்.